மச்சானுக்கு, அந்த மூன்று மெசேஜ் பற்றி

மச்சான்,

நீயும் பேப்பர் போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நான் ஏன் கிளம்பினேன் என்பது உனக்குத் தெரியும். நம் ஆபீஸ் ஆட்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அதை இங்கே தொடவில்லை.

வேலையை விட்டுக் கிளம்புகிறேன் என்று சாருக்கும், நம் ஜூனியர் தம்பிக்கும், உனக்கும் நான் போட்ட மூன்று மெசேஜையும் ஒப்பிட்டுப் படிக்க, அன்று டீக்கடையில் மூன்று போனையும் வரிசையாக வைத்தாயே. சாருக்கு நான் எழுதியதை, "தங்கள் வழிகாட்டுதலுக்கு என்றும் கடமைப்பட்டவன்" என்று மேடைப் பேச்சாளர் குரலில் நீ படிக்க, டீ மாஸ்டரே சிரித்துவிட்டார். அப்புறம் உன்னுடையது: "வெள்ளியோட கிளம்புறேன்டா. நம்பர் அதேதான்." அதைப் படித்துவிட்டு நீ சிரிக்கவில்லை.

மூன்றும் ஒரே வரைவுதான்டா. கிளம்பும் நாள், வேலை எந்த நிலையில் இருக்கிறது, நன்றி, இனி எப்படித் தொடர்புகொள்வது. சாருக்குப் போவது ஹெச்ஆருக்கும் போகும்; ரிலீவிங் லெட்டரும் செட்டில்மென்ட்டும் அவர் கையில். அதனால் வேலை முன்னால் வந்தது: ஜிஎஸ்டிஆர்-1 முடிந்தது, 20-ஆம் தேதிக்கான 3பி கணக்கு ஷேர்டு ஃபோல்டரில், இரண்டு சப்ளையர் பில் மட்டும் 2பி-யில் ஏறவில்லை, அவர்களிடம் கேட்க வேண்டும். நீ கிண்டல் செய்த வரிக்கு அடுத்த வரியைப் படித்தாயா? ஆடிட் நேரத்தில் அப்பாவுக்காக லீவு கொடுத்தாரே, அது. பொய் இல்லை.

தம்பிக்கு நன்றியைத் திருப்பிப் போட்டேன். ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தது அவன்தான் என்று எழுதினேன், அப்ரைசலில் அவன் எடுத்துக் காட்டட்டும் என்று. "எப்ப வேணா கூப்பிடு" என்றால் சின்னப் பையன் கூப்பிடவே மாட்டான். அதனால் சனிக்கிழமை காலை என்று நேரம் சொன்னேன். என் மனக்குறை ஒன்றுகூட அதில் இல்லை. திங்கட்கிழமை அவன் அதே சாரிடம்தானே போய் நிற்க வேண்டும்?

உனக்கு ஹேண்ட்ஓவர் தேவையில்லை, எல்லாம் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தவன். நன்றி சொன்னால் அடிப்பாய். மிஞ்சியது நாளும் நம்பரும். சரி, முழுசாகச் சொல்கிறேன்: மூன்றாவதாக ஒரு வரி இருந்தது, அழித்துவிட்டேன். அந்த மீட்டிங்கில் நீ ஏன்டா வாயைத் திறக்கவில்லை? எந்த மீட்டிங் என்று இங்கே எழுத மாட்டேன். எழுத்தில் போனால் அது ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும், உனக்குத்தான் கஷ்டம். உன்னைக் காப்பாற்றத்தான் அழித்தேன். கோபத்திலும்தான். மன்னித்துக்கொள், ஆனால் நீயும் கேட்டிருக்கலாம்.

இப்போது நீ எழுதப் போகிறாய். சாருக்குக் காரணம் எழுதாதே, நாளையும் வேலை நிலவரத்தையும் எழுது. தம்பிக்கு முதலில் சொல், வேறு யார் வாயிலிருந்தும் அவன் கேட்க வேண்டாம். எனக்கு மெசேஜ் போடாதே, போன் பண்ணு.