கவிதாவுக்கு, இன்டர்வியூவுக்கு முன்னால்

அன்புள்ள கவிதா,

உன் மெயில் வந்தது. பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். வீடியோ அனுப்புடி. நான் இன்னும் மதுரையில்தான் இருக்கிறேன், அடுத்த வாரம் சென்னையில் கேபின் க்ரூ இன்டர்வியூ.

மூன்று மொழி தெரிந்தால் எவ்வளவு உபயோகம் என்று கேட்டிருந்தாய். வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று ஒரு பெரியவர் கூடுதல் பணம் கட்டி அவசர வழிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அந்த சீட்டில் இருப்பவர் க்ரூ சொல்வதைப் புரிந்துகொண்டு, அவசரத்தில் கதவைத் திறக்கத் தயாராகவும் உடம்பில் அதற்குத் தெம்போடும் இருக்க வேண்டும். இங்கிலீஷில் படபடவென்று சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார், அதை நம்பக் கூடாது. நான் தமிழில் மெதுவாகச் சொல்லிவிட்டு, "ஐயா, எப்போ திறப்பீங்க, எப்போ திறக்கக் கூடாது?" என்று அவரையே சொல்லச் சொன்னேன். அவராக நடித்த பெண் சரியாகச் சொல்லிவிட்டு, முழங்கால் ஆபரேஷன் ஆனதையும் சொன்னாள். அப்புறம் மொழி பிரச்சினையே இல்லை, சீட்டு மாற்றத்தான் வேண்டும். பணம் கட்டியவரிடம் அதைச் சொல்வதுதான் உண்மையான கஸ்டமர் சர்வீஸ் என்று நினைக்கிறேன்: காரணத்தை நேராகச் சொல்லி, வேறு நல்ல சீட்டைக் காட்டி, பையை நானே எடுத்து வைத்து, பணம் பற்றி யாரிடம் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுவது. என்னால் கொடுக்க முடியாததைத் தருவதாக மட்டும் சொல்லக் கூடாது.

க்ரூமிங் என்றால் மேக்கப் என்றுதான் அம்மா நினைக்கிறாள். கொண்டையை இறுக்கிப் போடுவதற்கு வேறு காரணமும் உண்டு: புகை வந்தால் தலையில் மாட்டும் உறை கழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், முடி வெளியே தொங்கினால் அந்த இடைவெளியில் புகை நுழையும். பெரிய தோடும் அப்படித்தான், அதில் சிக்கிக்கொள்ளும். அதனால் தினமும் நெட் போட்டுக் கொண்டை கட்டிப் பழகுகிறேன், சீக்கிரமாகவும் கலையாமலும் வர வேண்டும்.

பயம் ரோஸ்டர் மேல்தான். விடியற்காலை ஆறு மணி ஃப்ளைட் என்றால் வீட்டை விட்டு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். ஸ்டாண்ட்பை நாளில் எங்கும் போக முடியாது, போன் வந்தால் சொன்ன நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதனால் வேலை கிடைத்தால் பல்லாவரம் பக்கம்தான் வீடு பார்ப்பேன், வாடகை கொஞ்சம் கூட ஆனாலும் சரி. இரவு 2 முதல் காலை 6 வரை உடம்பு தானாகவே மந்தமாகிவிடும், அந்த நேரத்தில் கவனம் குறையும் என்று படித்தேன். இப்போது சில நாள் மாலையே படுத்து நள்ளிரவில் எழுந்து பார்க்கிறேன், தூக்கம் வருவதே இல்லை, சும்மா புரண்டுகொண்டிருக்கிறேன்.

நீ இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறாயே, பகலில் எப்படித் தூங்குகிறாய்? டியூட்டிக்கு முன்னால் என்ன சாப்பிடுவாய், டீயை எத்தனை மணிக்கு நிறுத்துவாய்? விவரமாக எழுது, இன்டர்வியூவில் கேட்டால் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
மீனா