தவறான சார்ட்டில் கணக்கிட்ட ஹீட் எக்ஸ்சேஞ்சர் பற்றிய புகார்

அனுப்புநர்:
பராமரிப்புப் பிரிவு,
பெயின்ட் பூசும் தொழிற்கூடம்,
மணலி, சென்னை.

பெறுநர்:
மேலாளர், சேவைப் பிரிவு,
ஹீட் எக்ஸ்சேஞ்சர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: உறுதியளித்த வெப்பநிலை வராதது, காரணம் உப்புப் படிவு அல்ல, உங்கள் கணக்கு.

ஐயா,

ஓவனிலிருந்து வெளியேறும் சூடான காற்றைக் கொண்டு கழுவும் தொட்டியின் தண்ணீரைச் சூடாக்க, உங்களிடம் ஒரு கிராஸ்ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கினோம். 100 டிகிரி காற்றும் 30 டிகிரி தண்ணீரும் உள்ளே போனால் தண்ணீர் 88 டிகிரியில் வெளியே வரும் என்கிறது உங்கள் டேட்டா ஷீட். ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே 83 டிகிரியைத் தாண்டவில்லை.

வந்து பார்த்த உங்கள் இன்ஜினியர், குழாய்களில் உப்பு படிந்து வெப்பம் கடத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மணலித் தண்ணீர் மேல் பழி போடுவது எளிதுதான். ஆனால் இதில் ஓடுவது சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர். அதுவும் முதல் வாரத்திலேயே படிவதற்கு என்ன இருக்கிறது?

தண்ணீர் மணிக்கு 1,720 லிட்டர் ஓடுகிறது, அதாவது டிகிரிக்கு 2 கிலோவாட். காற்று விநாடிக்கு சுமார் 4 கிலோ, டிகிரிக்கு 4 கிலோவாட். தண்ணீர் 53 டிகிரி ஏறுகிறது, காற்று 26 முதல் 27 டிகிரி இறங்குகிறது. இரண்டு பக்கமும் 106 கிலோவாட் என்று ஒத்துப்போவதால் அளவீட்டில் பிழை இல்லை. உள்ளே நுழையும் காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையிலான 70 டிகிரி வித்தியாசத்தில் தண்ணீர் ஏறிய பங்குதான் எஃபெக்டிவ்னஸ்; 53-ஐ 70-ஆல் வகுத்தால் 0.757. உங்கள் உறுதிமொழிப்படி 0.83 இருக்க வேண்டும்.

அந்த 0.83 எங்கிருந்து வந்தது என்று தேடினோம். டேட்டா ஷீட்டில் என்.டி.யு., அதாவது குழாய்களின் மொத்த வெப்பம் கடத்தும் திறனைத் தண்ணீரின் 2 கிலோவாட்டால் வகுத்த எண், 3. இரண்டு பக்கமும் கலக்காத சார்ட்டில், தண்ணீரின் 2-ஐக் காற்றின் 4-ஆல் வகுத்த விகிதம் 0.5-க்கான வளைவில் பார்த்தால் சரியாக 0.83 வருகிறது. ஆனால் நீங்கள் தந்தது ஃபின் இல்லாத வெறும் குழாய்கள். தண்ணீர் தனித்தனிக் குழாயில் ஓடுவதால் கலக்காது. காற்றுக்கோ குழாயின் நீளவாக்கில் தடுப்பு எதுவும் இல்லை, அது தாராளமாகக் கலக்கிறது. தண்ணீர் சூடேறி முடிக்கும் முனையில் காற்றும் கூடுதல் சூட்டோடு இருந்தால்தான் எஃபெக்டிவ்னஸ் ஏறும். காற்று கலந்துவிட்டால் குழாயின் இரு முனைகளிலும் ஒரே வெப்பநிலைதான். எனவே இங்கே பொருந்தும் சமன்பாடு இது:

```
ε = (1/Cr) · [1 − exp(−Cr · (1 − exp(−NTU)))]
Cr = 0.5, NTU = 3  →  ε = 0.756
```

நாங்கள் அளந்ததும் இதேதான். என்.டி.யு. இன்னும் 3-ஆகவே இருக்கிறது என்றால் குழாய்கள் சுத்தம் என்று அர்த்தம். அளந்த 0.757-ஐ உங்கள் தவறான சார்ட்டில் வைத்து எதிர்த்திசையில் படித்தால் என்.டி.யு. 2.15 என்று வரும். இல்லாத உப்புப் படிவை உங்கள் இன்ஜினியர் கண்டுபிடித்தது இப்படித்தான்.

உங்கள் இரண்டாவது பதிலில் சார்ட்டை மாற்றினீர்கள், ஆனால் வளைவில் தவறிவிட்டீர்கள். ஒரு பக்கம் கலந்த சார்ட்டில் வளைவுகளின் மேல் எழுதியிருப்பது சிறியதைப் பெரியதால் வகுத்த விகிதம் அல்ல. கலந்த பக்கத்தைக் கலக்காத பக்கத்தால் வகுத்தது. எங்களுக்கு 4-ஐ 2-ஆல் வகுத்து 2. நீங்கள் பழக்கதோஷத்தில் 0.5 வளைவைப் பிடித்து 0.79 என்கிறீர்கள். என்.டி.யு. 1 வரை இந்த இரண்டு வளைவுகளும் ஏறத்தாழ ஒட்டியே போவதால் பிழை கண்ணில் படாது. அதற்கு மேல்தான் பிரிகின்றன.

எங்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கு குழாய்களைக் கூட்டச் சொல்வதை ஏற்க முடியாது. என்.டி.யு. 4 ஆனாலும் 0.776தான், தண்ணீர் 84 டிகிரி. குழாய்களை எண்ணற்றதாக ஆக்கினாலும் 2 வளைவு 0.787-ல் படுத்துவிடும், அப்போதும் 85 டிகிரிதான். 88 இந்த அமைப்பில் எந்நாளும் வராது.

ஹெடரில் தடுப்புத் தகடு வைத்து, இதே குழாய்களை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு பாஸாகப் பிரியுங்கள். குளிர்ந்த தண்ணீர் முதலில் காற்று வெளியேறும் பக்கத்து வரிசைகளில் ஓடி, பிறகு காற்று நுழையும் பக்கத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு பாஸுக்கும் என்.டி.யு. 1.5 என்று எடுத்தால் மொத்தத்தில் 0.84 கிடைக்கிறது. இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்தால் இப்போதிருப்பதைவிட மோசமாகும் என்பதை உங்கள் ஃபிட்டரிடம் சொல்லி அனுப்புங்கள். தண்ணீர்ப் பக்க அழுத்த இழப்பு குறைந்தது நான்கு மடங்காகும். பம்ப் தாங்குமா என்று நீங்களே சரிபார்த்துத் தர வேண்டும்.

இந்த மாற்றத்தை உங்கள் செலவில், 15 நாட்களுக்குள் செய்து, எங்கள் முன்னிலையில் 88 டிகிரியை அளந்து காட்டும்வரை மீதித் தொகையை நிறுத்தி வைக்கிறோம். உப்புப் படிவு என்று எழுதிய அறிக்கையையும் எழுத்துமூலம் திரும்பப் பெறவும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவினர்

இணைப்பு: ஏழு நாள் வெப்பநிலைப் பதிவு, ஓட்ட அளவுகள்