வாடகை ஒப்பந்தம் இல்லாதோரிடம் வங்கிகள் ஏற்க வேண்டிய முகவரிச் சான்றுகள் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பேங்க் நெகாரா மலேசியா, பினாங்கு அலுவலகம்,
ஜார்ஜ் டவுன்.

அனுப்புநர்:
பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள்.

பொருள்: சேமிப்புக் கணக்குத் திறக்க வாடகை ஒப்பந்தத்துக்கு மாற்றான சான்றுகளை ஏற்குமாறு வங்கிக் கிளைகளுக்கு அறிவுறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். மைகார்டில் உள்ள முகவரியும் தற்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றாக இருப்பவருக்குக் கணக்குத் திறப்பதில் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. இரண்டும் வேறுபடும்போதுதான் கிளை அதிகாரிகள் கூடுதல் சான்று கேட்கிறார்கள். முத்திரைத் தீர்வை செலுத்திய வாடகை ஒப்பந்தம், அல்லது விண்ணப்பதாரரின் பெயரில் அண்மைய மூன்று மாதங்களுக்குள் வந்த மின்சார அல்லது தண்ணீர்க் கட்டண ரசீது என்பதே அவர்கள் வழக்கமாகக் கேட்பது. அறை வாடகைக்கு இருப்பவரிடம் இவ்விரண்டுமே இருப்பதில்லை.

எங்களுள் ஒருவரின் நிலையைச் சொன்னால் இது விளங்கும். அவர் கெடாவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். தந்தை ஓய்வு பெற்றதும் நிர்வாகம் கொடுத்திருந்த வீட்டைக் குடும்பம் திருப்பி ஒப்படைத்துவிட்டது. ஆனால் அவருடைய மைகார்டில் இன்னும் அந்த வீட்டு முகவரிதான் இருக்கிறது. இப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, ஒரு வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறார். வாடகையை ரொக்கமாகக் கொடுக்கிறார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேட்டபோது வீட்டு உரிமையாளர் மறுத்துவிட்டார். ஒப்பந்தம் எழுதினால் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், வாடகை வருமானமும் வருமான வரிக் கணக்கில் தெரிந்துவிடும் என்பதே காரணம். மின்சார ரசீது உரிமையாளரின் பெயரில் வருகிறது. கைத்தொலைபேசியோ முன்கட்டண முறையிலானது என்பதால் அதற்கும் மாத ரசீது கிடையாது. ஊழியர் சேமநிதி அறிக்கையில் இருப்பதும் பழைய தோட்ட முகவரியே. வேலையிடத்திலிருந்து கடிதம் கொண்டு சென்றார். அவரை வேலைக்கு அமர்த்தியது தொழிற்சாலை அல்ல, ஆள் வழங்கும் குத்தகையாளர் என்று கூறி, அந்தக் கடிதத்தைக் கிளை ஏற்கவில்லை.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி சம்பளம் பொதுவாகத் தொழிலாளியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்தான் செலுத்தப்பட வேண்டும். கணக்குத் திறக்க முடியாத அவர், உறவினரின் கணக்கில் சம்பளத்தைப் பெற வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். பிறருக்காகப் பயன்படுத்தப்படும் கணக்குகளைத் தடுப்பதற்காகவே முகவரிச் சான்று கடுமையாகக் கேட்கப்படுகிறது. அந்தக் கடுமையே ஒரு நேர்மையான தொழிலாளியை மற்றவர் கணக்கை நாட வைத்திருப்பது எங்களை மிகவும் வருத்துகிறது.

கணக்குத் திறப்பவரின் குடியிருப்பு முகவரியையும் அஞ்சல் முகவரியையும் வங்கி பெற வேண்டும் என்பதைப் பணமோசடித் தடுப்பு விதிமுறைகள் வலியுறுத்துவதை நாங்கள் அறிவோம், அதை மதிக்கிறோம். ஆனால் அம்முகவரியை வாடகை ஒப்பந்தத்தால் மட்டுமே காட்ட வேண்டும் என்று அவை கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே, ஒப்பந்தம் இல்லாதவர் கொண்டுவரும் உரிமையாளரின் கடிதத்தை, அந்த உரிமையாளரின் அடையாள அட்டை நகலும் அதே வீட்டின் அண்மைய மின்சார ரசீதும் இணைந்திருந்தால், கிளைகள் ஏற்க வேண்டும் எனக் கோருகிறோம். ரசீதில் உள்ள பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது கிளைக்கு எளிது. தொடர்பு எண் குறிப்பிட்ட வேலையிடக் கடிதத்தை, அது குத்தகையாளரிடமிருந்து வந்தாலும், நிறுவனத்தை அழைத்து உறுதிப்படுத்திக்கொண்டு ஏற்கலாம்.

உரிமையாளர் கடிதம் தரவும் மறுத்தால், 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் விண்ணப்பதாரர் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரத்தைக் கடைசி வழியாகவேனும் ஏற்கக் கேட்டுக்கொள்கிறோம். அதில் பொய் கூறுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதால், வெறும் வாய்மொழியைவிட அதற்குப் பலம் உண்டு. ஆயினும், அது அவர் அங்கே குடியிருக்கிறார் என்பதற்கு வெளியார் தரும் சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அத்தகைய கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காகத் திறந்து, மைகார்டில் முகவரி மாற்றப்படும்வரை பணப் பரிமாற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

குடிமாறியவர் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை எங்களில் பலர் அறியாமல் இருந்துள்ளனர். நிலையான தீர்வு அதுவே என்பதால், கணக்கு மறுக்கப்படும் இடத்திலேயே அதிகாரிகள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மறுப்பதானால், எந்தச் சான்று குறைகிறது, அதற்கு மாற்றாக எதைக் கொண்டுவரலாம் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். இன்று வாய்மொழியாக மட்டுமே பதில் கிடைப்பதால், ஒரு கிளை ஏற்பதை இன்னொரு கிளை ஏன் மறுக்கிறது என்று கேட்கவோ, வங்கியின் புகார்ப் பிரிவை அணுகவோ எங்களிடம் எந்த ஆதாரமும் இருப்பதில்லை.

ஏற்கப்படும் சான்றுகளின் பட்டியலைத் தமிழிலும் கிளைகளில் ஒட்டச் செய்யுமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)