பிரசவப் பேக்கேஜும் பேபி பில்லும்: வடசென்னைத் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நான் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையில். என் தங்கைக்குப் பிரசவம் பார்த்தது உங்களைப் போன்ற ஒரு தனியார் மருத்துவமனையில். எது என்று சொல்லப்போவதில்லை. மருத்துவத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பில்லில்தான் பேச்சு.

ஏழாம் மாதத்தில் இரண்டு இடங்களில் விசாரித்தோம். முதல் இடத்தில் சுகப்பிரசவம் 48,000, சிசேரியன் 78,000. இரண்டாவது இடத்தில் 60,000, 90,000. எதுவானாலும் 12,000 மிச்சம் என்று முதல் இடத்திலேயே பதிந்துவிட்டோம். நாங்கள் கேட்டது அந்த இரண்டு எண்களை மட்டும்தான். அங்கேதான் கோட்டை விட்டோம்.

தேதி தாண்டியும் வலி வரவில்லை. ஞாயிறு இரவு சேர்த்து ஜெல் வைத்தார்கள். திங்கள் காலை வலி பிடித்தது. மதியத்துக்கு மேல் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போக, டாக்டர் அம்மா தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தார். சரியான முடிவு, அவருக்கு இன்றும் நன்றி. ஆனால் அந்த நேரம் வரை நடந்தது நார்மல் கணக்கு, அதற்கு மேல் நடந்தது சிசேரியன் கணக்கு. 78,000 என்பது முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்காம். லேபர் வார்டு, வலி மருந்து, துடிப்பு பார்க்கும் மெஷின் எல்லாம் சேர்த்துத் தனியாக 9,500 ஏறியது. நார்மலுக்கு முயன்று பாதியில் சிசேரியன் ஆவது அபூர்வமா என்ன? உங்கள் விலைப்பட்டியலில் அதற்கு ஒரு வரி இல்லை.

அடுத்தது இரவுக் கணக்கு. சிசேரியன் பேக்கேஜில் மூன்று இரவு. நாங்கள் குழந்தை பிறந்ததிலிருந்து எண்ணினோம், கவுன்டரில் அட்மிஷன் போட்டதிலிருந்து எண்ணினார்கள். ஜெல் வைத்துக் காத்திருந்த ஞாயிறு இரவும் அதில் ஒன்று. புதன் மதியமே பேக்கேஜ் தீர்ந்தது. அன்றைக்குத்தான் குழந்தையின் முகம் மஞ்சளடித்தது. பச்சைக் குழந்தைகளுக்கு வரும் வழக்கமான மஞ்சள் காமாலை இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் ஓரிரு நாள் ஏறும். அதாவது உங்கள் பேக்கேஜ் முடிகிற இடத்தில்தான் அது தொடங்குகிறது. பிலிருபின் அளவு பார்த்து இரண்டு நாள் லைட்டில் வைத்தார்கள். கூடுதலாகத் தங்கிய இரண்டு நாள் அறை வாடகை 8,000. மருந்து, கையுறை, தையல் நூல் வகையில் ஃபார்மசி 11,200.

வெள்ளிக்கிழமை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பில்லிங் கவுன்டரில் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் இன்னொரு தாளை நீட்டினார். மேலே தங்கையின் பெயருக்கு முன்னால் ‘பி/ஓ’ என்று போட்டிருந்தது. பேபி ஆஃப். இன்னும் பெயர் வைக்காத பிள்ளைக்குத் தனி நம்பர், தனி பில். “அது பேபி பில்ணா, பேக்கேஜ்ல வராது” என்றார். பிறந்தபோது வந்து நின்ற குழந்தை டாக்டருக்கும் அப்புறம் அவர் வந்து பார்த்ததற்கும் 5,400, லைட்டுக்கு 5,000, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனைக்கு 2,300.

ஆகமொத்தம் 1,19,400. சொன்னதைவிட 41,400 அதிகம்.

மனசு கேட்காமல் இரண்டாவது இடத்துக்குப் போய் இதே கதையைச் சொல்லிக் கேட்டேன். அவர்களுடைய 90,000-ல் லேபர் வார்டும், மருந்தும், குழந்தை டாக்டரும் அடக்கம். இரவு, குழந்தை பிறந்ததிலிருந்து. மற்றவற்றுக்கு அதே கட்டணம் என்று வைத்தால் லைட், ஊசி, பரிசோதனை, ஒரு நாள் வாடகை சேர்த்து 1,01,300 வந்திருக்கும். மலிவு என்று நாங்கள் போன இடம் 18,100 ரூபாய் அதிகமாகிவிட்டது.

வெளியே நிற்கும் செலவை எல்லாம் பேக்கேஜுக்குள் கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில் எத்தனை நாள் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அம்மாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வருமா என்பதும் அப்படித்தான். ஆனால் ஒரு நாள் கட்டணம் எவ்வளவு என்று சொல்லலாமே.

பதிவு செய்யும் ஏழாம் மாதத்திலேயே தமிழில் ஒரு தாள் கொடுங்கள். இரவு எப்போதிலிருந்து எண்ணப்படும், நார்மலுக்கு முயன்று சிசேரியன் ஆனால் மொத்தம் எவ்வளவு, மருந்து உள்ளேயா வெளியேயா, குழந்தையின் பில்லில் என்னென்ன வரும், லைட்டுக்கும் இன்குபேட்டருக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும். தனி அறை எடுத்தால் டாக்டர் கட்டணமும் கூடுமா என்பதையும் சேர்த்துவிடுங்கள், அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வியாசர்பாடியில் என் சித்தி மகளுக்கு இப்போது ஆறாம் மாதம். அடுத்த மாதம் இதே கேள்விகளோடு உங்கள் கவுன்டருக்கு வருவேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய்மாமன்