கருப்பட்டியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு உற்பத்தியாளர்கள் இணையத்தில் நேரடியாக விற்பது பற்றிய கட்டுரையில் படம், விலை, கூரியர் எல்லாம் இருந்தன. பொருளைப் பற்றி என்ன எழுதுவது என்பது விடுபட்டுவிட்டது. தேனும் செக்கு எண்ணெயும் விற்பவர்கள் பெரும்பாலும் "சுத்தமானது, இயற்கையானது, கலப்படமற்றது" என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். கலப்படம் செய்பவரும் அதையேதான் எழுதுகிறார். வாங்குபவர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

நல்லெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். உணவு விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 'சுத்தமானது' என்று சொல்ல அது ஒரே பொருளாக இருக்க வேண்டும். வேறெதுவும் சேர்த்திருக்கக் கூடாது. ஆனால் மரச்செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவது நம் வழக்கம். 10 கிலோ எள்ளுக்கு அரைக் கிலோ அளவில் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் தெளிப்பார்கள். அப்போதுதான் எள்மாவு திரண்டு எண்ணெய் பிரியும். கருப்பட்டியில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடுகிறது. இதில் தவறே இல்லை. "எதுவும் சேர்க்காதது" என்று எழுதுவதுதான் தவறு. "10 கிலோ எள், அரைக் கிலோ பனங்கருப்பட்டி, மரச்செக்கு, 4 கிலோ எண்ணெய், ஐந்து நாள் தெளியவைத்து மேலெண்ணெயை மட்டும் எடுத்தது" என்று எழுதினால், விலை ஏன் அவ்வளவு என்பதும் வாங்குபவருக்குத் தானாகவே புரியும். 'கோல்டு பிரஸ்டு' என்ற சொல்லோடு, செக்கிலிருந்து வடியும் எண்ணெயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த வெப்பநிலையையும் போடுங்கள்.

பரிசோதனையில் இரண்டு எண்கள் போதும்: அமில மதிப்பு, பெராக்சைடு மதிப்பு. எள் ஈரமாகவோ பழையதாகவோ இருந்தால் முதலாவது ஏறும். எண்ணெய் வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தால் இரண்டாவது ஏறும். கண்ணாடிபோல் தெரியும் பாட்டிலில் அடைத்து வெயில் படும் அலமாரியில் வைத்தால் நல்ல எண்ணெயும் இதில் தோற்கும். ஆய்வகச் சீட்டில் அமில மதிப்புக்குப் பதிலாக 'ஒலிக் அமிலமாக இத்தனை சதவீதம்' என்று இருந்தால் அதை அப்படியே அமில மதிப்பாக எழுதிவிடாதீர்கள். 1.5 சதவீதம் என்றால் அமில மதிப்பு ஏறத்தாழ 3. எண் சிறியதாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். செக்கெண்ணெய் என்று சொல்லிவிட்டு 0.1 என்று போட்டால், விவரம் தெரிந்தவருக்கு ரீஃபைண்டு எண்ணெய் நினைவுதான் வரும்.

தேனில் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். குமரி மாவட்டத்து ரப்பர் தேனைப் 'பூந்தேன்' என்று எழுதுகிறார்கள். தேனீ அதை எடுப்பது ரப்பர் பூவிலிருந்து அல்ல. இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து. அதை உள்ளபடி எழுதினால் கேட்பவருக்கும் சுவையான செய்திதான். எந்தத் தேனீ, எந்த மாதம், தேன் மட்டும் சேரும் மேலறைச் சட்டங்களை மட்டும் சுழற்றி எடுத்ததா, புழு அறையையும் சேர்த்துப் பிழிந்ததா என்பதும் வேண்டும். பிழிந்த தேனில் புழுச்சாறும் மகரந்தமும் கலந்து சீக்கிரம் புளிக்கும்.

ஈரப்பதத்தை அவசியம் போடுங்கள். நம் நாட்டு வரம்பு 20 சதவீதம். தேனடை அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடுமுன் எடுத்த தேனில் அது கூடி, நுரை கட்டி மூடி உப்பும். அதைச் சரிசெய்யத்தான் பலர் சூடாக்குகிறார்கள். சூடாக்கியதை மறைக்க வேண்டாம். எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ஆய்வகத்தில் எச்.எம்.எஃப். என்ற அளவைக் கேட்டு வாங்கி அதையும் பக்கத்திலேயே போடுங்கள். சூட்டாலும் வயதாலும் ஏறும் அளவு அது. வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம். ஈரம் 19, எச்.எம்.எஃப். 12 என்றால் தேன் பதமாக முற்றி எடுக்கப்பட்டது என்று நம்பலாம். ஈரம் 17, எச்.எம்.எஃப். 75 என்றால் நன்றாகக் காய்ச்சியது, இல்லையேல் நெடுநாள் கிடந்தது.

தண்ணீரில் சொட்டுவிட்டு, தீக்குச்சி கொளுத்திக் காட்டும் வீடியோக்களை எடுத்துவிடுங்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியேதான் அடியில் இறங்கும். ஆய்வகத்தில் சி4 சோதனை செய்திருந்தால் அதன் பெயரையே எழுதுங்கள். 'கலப்படச் சோதனையில் தேறியது' என்று பொதுவாக எழுத வேண்டாம். கரும்பு, மக்காச்சோளப் பாகைப் பிடிக்கும் அந்தச் சோதனையில் அரிசிப் பாகு சிக்காது.

கடைசியாக, ஆய்வறிக்கைப் படம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரே தாள் எல்லா பாட்டிலுக்கும் போடப்படுகிறது. பாட்டிலில் உள்ள தொகுப்பு எண்தான் அறிக்கையிலும் இருக்க வேண்டும். மாதிரி எடுத்த தேதியும் தெரிய வேண்டும். அந்தத் தொகுப்பு தீர்ந்ததும் விற்பனைப் பக்கத்திலிருந்து அந்த எண்களை நீக்கிவிட்டு, புதியவை வரும்வரை 'பரிசோதனை முடிவு வரவில்லை' என்று போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்