செயலாளர் ஆண்டறிக்கை: விலை முதல் வரியிலா, கடைசி வரியிலா?

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் லிட்டில் இந்தியா கடைக்கார நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் செயலவை மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. உறுப்பினர்கள் அதிகம் கேட்ட ஒரு விஷயத்துக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியைத் தருகிறேன். முகநூலில் நாம் பழக்கத்தில் எழுதிவரும் வாசகங்களில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது?

நம் உறுப்பினர் ஒருவர், சேலைக்கடை நடத்தும் அக்கா, தம் ஓராண்டுப் பதிவுகளைப் பார்க்கத் தந்தார். மொத்தம் 44. அவர் இரண்டு விதமாக எழுதுவார். ஒன்று, "89 ரிங்கிட். செட்டிநாட்டுக் காட்டன், மாம்பழ மஞ்சள்" என்று விலையிலேயே தொடங்குவது. மற்றொன்று, "இனிய காலை வணக்கம் சகோதரிகளே" என்று ஆரம்பித்து, நிறத்தையும் நெசவையும் வர்ணித்து, விலையைக் கடைசியில் வைப்பது. இதில் விலை "மேலும் காண்க" என்பதற்குள் மறைந்துவிடும். விலையே போடாமல் "பி.எம். பண்ணுங்க" என்று எழுதுவதை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2012ஆம் ஆண்டு மின்வணிக விதிமுறைகள் வந்ததிலிருந்தே முழு விலையைக் காட்டுவது கட்டாயம்.

முதல் பார்வையில், விலையில் தொடங்கிய 18 பதிவுகள் மற்ற 26 பதிவுகளைவிடச் சராசரியில் இரண்டு மடங்கு பேரை எட்டியிருந்தன. அதோடு முடிவெடுத்திருந்தால் தவறியிருப்போம். அந்தப் பதினெட்டில் ஐந்து, தீபாவளிக்கு முன் காசு கட்டி பூஸ்ட் செய்தவை. மறுபக்கத்தில் ஒரே ஒரு வீடியோ 11,000 பேருக்குப் போயிருந்தது. அக்காவின் தாயார் பேத்திக்குச் சேலை கட்டிவிடும் காட்சி அது. அதை ஓடவைத்தது வாசகம் அல்ல, அந்தப் பாட்டியின் முகம். இந்த ஆறையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தோம். ஒரு பக்கம் 610, மறுபக்கம் 640. எட்டிய அளவில் வாசகத்தால் வித்தியாசம் எதுவும் இல்லை.

அடுத்து விசாரிப்புகள். கடைசி வரியில் விலை வைத்த 25 பதிவுகளுக்கு 225 விசாரிப்பு, முதல் வரியில் வைத்த 13 பதிவுகளுக்கு 52. அக்கா உடனே, "தம்பி, ஃபோன் ஓயாம அடிக்குதே, அதைப் போய் விடச் சொல்றீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் புலனத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தபோது, அந்த 225இல் பெரும்பாலானவை "விலை என்ன?" என்ற ஒற்றை வரி. பதில் போன பிறகு பேச்சே இல்லை. விலையை மறைத்து எழுதினால் விசாரிப்பு கூடத்தான் செய்யும். ஆகவே இந்த இரண்டு வாசகங்களையும் விசாரிப்பை வைத்து எடை போட முடியாது. விற்பனையை வைத்துத்தான் போட வேண்டும்.

வாடிக்கையாளர் பெரும்பாலும் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதால், எந்தப் பதிவு எந்தச் சேலையை விற்றது என்று நோட்டில் கோடு போட முடிந்தது. முதல் வரி விலைக்கு 21 விற்பனை, கடைசி வரி விலைக்கு 24. பதிவுகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் முதல் வரிதான் முந்துகிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அக்கா காட்டனுக்கு விலையை முன்னால் போடுவார், பட்டுக்குப் பின்னால் தள்ளுவார். காட்டன் எப்படியும் சீக்கிரம் போகும். அதனால் காட்டனை மட்டும் பிரித்தோம். முதல் வரியில் விலை வைத்த 10 பதிவுகளுக்கு 17 விற்பனை, கடைசியில் வைத்த 9 பதிவுகளுக்கு 9. பட்டில் முதல் வரி விலை வைத்தவை மூன்றே பதிவுகள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பழைய எண்கள் ஐயத்தைத் தருமே தவிர, காரணத்தை உறுதியாகச் சொல்லாது. அதனால் பொங்கலுக்குப் பிறகு எட்டு வாரம் சோதித்துப் பார்த்தோம். ஒரே விலைக் காட்டன், வெள்ளி மாலை, ஒற்றைப் படம், பூஸ்ட் இல்லை. ஒரு வாரம் விலை முதலில், மறுவாரம் கடைசியில். ஒவ்வொரு பதிவையும் ஏழாம் நாள் எண்ணினோம். விலை முதலில் வைத்த வாரங்களில் 7 விற்பனை, கடைசியில் வைத்த வாரங்களில் 4. சின்ன எண்தான், ஆனால் பழைய கணக்கு காட்டிய திசையிலேயே போனது. விலை பார்த்து நேராகக் கடைக்கு வந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இதன்படி, காட்டனுக்கு முதல் வரியில் விலை என்ற பழக்கத்தை அக்கா வைத்துக்கொள்கிறார். காலை வணக்கம் விலைக்குக் கீழே போகிறது. பட்டுக்கு இதே சோதனை வரும் தீபாவளிக்கு முன் நடக்கும்.

இன்னொன்று. "தோழியை டேக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க" என்று பல உறுப்பினர்கள் இன்னும் எழுதுகிறோம். இப்படிக் கேட்டு வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளுவதாக முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. இதற்குச் சோதனை தேவையில்லை, விட்டுவிடலாம்.

பட்டுச் சோதனைக்கு இன்னும் இரண்டு கடைகள் வேண்டும். விற்பனையைப் பதிவுவாரியாக நோட்டில் குறித்துவைக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு