ரெகுலரா, டைரக்டா? குழுவில் சுற்றும் இரண்டு ஸ்கிரீன்ஷாட் பற்றி மன்னார்குடி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் சேமிப்புக் குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கணக்கில் ஏறத் தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற வாத்தியார்கள் சிலருக்குப் பணிக்கொடையும் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதை எங்கே போடுவது என்று முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன், எது நல்லது என்று குழுவில் சண்டை கிளப்பிய, எல்லார் போனிலும் இருக்கும் அந்த இரண்டு மியூச்சுவல் ஃபண்ட் ஃபேக்ட் ஷீட் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துவிடுவது நல்லது என்று தோன்றியது. ஃபண்டின் பெயரை நான் எழுதவில்லை. பழைய பங்குச் சந்தை ஃபண்ட் எதை எடுத்தாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

முதலில் ஒன்று. அவை இரண்டு ஃபண்ட் இல்லை. ஒரே ஃபண்ட், ஒரே மேனேஜர், உள்ளே இருக்கும் பங்குகளும் ஒன்றேதான். ஒன்றில் Regular Plan - Growth என்றும், மற்றதில் Direct Plan - Growth என்றும் மேலே சின்ன எழுத்தில் இருக்கிறது. ஏஜென்ட் வழியாக வாங்கினால் ரெகுலர். கம்பெனியிடம் நாமே நேராக வாங்கினால் டைரக்ட். ஏஜென்டுக்குப் போகும் கமிஷன் ரெகுலரின் செலவில் சேர்ந்திருக்கிறது, டைரக்டில் அது கிடையாது.

டிசம்பர் கடைசி நிலவரப்படி, சில்லறையை விட்டுச் சொன்னால், ரெகுலரின் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, அதாவது ஆண்டுக்கு நம் பணத்திலிருந்து கழிக்கும் செலவு, 1.80 சதவீதம்; என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, 200 ரூபாய். டைரக்டில் 0.75 சதவீதம், 230 ரூபாய். பத்து வருட வருமானம் ரெகுலரில் ஆண்டுக்கு 12.8, டைரக்டில் 14.0. கடைசி வரியில் ‘தொடக்கத்திலிருந்து’ என்று போட்டிருக்கும் வருமானம் ரெகுலரில் 15.1, டைரக்டில் 13.9.

சண்டை வந்ததே இந்தக் கடைசி வரியால்தான். “செலவு அதிகம்னு சொல்றீங்க, ஆனா ரெகுலர்தானே ஜாஸ்தி குடுத்திருக்கு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டு வரிக்கும் தொடக்கம் வேறு வேறு. இந்த ஃபண்ட் தொடங்கியது 2004 செப்டம்பரில். டைரக்ட் பிளான் என்ற ஏற்பாட்டையே, சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கொண்டுவந்தது 2013 ஜனவரி 1 முதல்தான். ஆகவே ரெகுலரின் 15.1-க்குள் 2004 முதல் 2007 வரை நடந்த பெரிய ஏற்றம் அடங்கியிருக்கிறது. ஆறாயிரத்துக்குக் கீழே இருந்த சென்செக்ஸ் இருபதாயிரத்தைத் தாண்டிய காலம் அது. டைரக்டுக்கு அந்த வருடங்கள் கிடைக்கவே இல்லை. ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான காலத்தைத்தான் எடுக்க வேண்டும். பத்து வருட வரியில் டைரக்ட் 1.2 முன்னால் நிற்கிறது. ஒரே பங்குகள், ஒரே காலம் என்னும்போது ரெகுலர் முந்துவதற்கு வழியே இல்லை.

அடுத்தது என்.ஏ.வி. “டைரக்ட் யூனிட் 230 ரூபாய், விலை கூட” என்று ஒருவர் போட்டிருந்தார். 230 விலை கூடுதல் என்பதைக் காட்டவில்லை. பழைய ஃபண்டுகளில் பெரும்பாலும் 2013 ஜனவரியில் டைரக்ட் யூனிட் ரெகுலர் யூனிட்டின் மதிப்பிலேயேதான் தொடங்கியது. இரண்டும் ஒரே இடத்தில் கிளம்பி இன்று 200-லும் 230-லும் நிற்கின்றன என்றால், நடுவில் இருக்கும் 30 ரூபாய் முழுக்கச் செலவு வித்தியாசம்தான். பதின்மூன்று வருடத்தில் 15 சதவீதம். ஆண்டுக்கு என்று பிரித்தால் ஏறக்குறைய 1.08 சதவீதம் வருகிறது.

எனக்கு இந்தக் கணக்குத்தான் மிகவும் பிடிக்கும். எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்று ஷீட்டில் அச்சாகியிருப்பது அந்த மாதக் கடைசி நிலவரம் மட்டும். ஃபண்ட் பெரிதாக ஆக செபி வரம்பு குறையும், கம்பெனியும் ஏற்றி இறக்கும். ஆகவே இன்றைய 1.80-ஐ வைத்து நேற்று எவ்வளவு எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு என்.ஏ.வி.யையும் வகுத்தால், இத்தனை வருடமும் உண்மையில் எடுத்த வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டும் Growth ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று IDCW ஆக இருந்தால், அதாவது டிவிடெண்ட் பிரித்துக் கொடுக்கும் வகையாக இருந்தால், அதன் என்.ஏ.வி. ஒவ்வொரு முறையும் இறங்கும், கணக்கு கெட்டுவிடும்.

சரி, இருபது வருடத்துக்கு வருவோம். டைரக்டுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை, அதனால் அந்த வருமானத்தை எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் தேடிப் பயனில்லை. நாமேதான் போட வேண்டும். நான் ஐந்து லட்சத்தை எடுத்துக்கொண்டேன். செலவு கழிக்கும் முன் ஃபண்ட் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 1.80 கழித்த ரெகுலரில் இருபது வருடம் கழித்துச் சுமார் 33.5 லட்சம் இருக்கும். 0.75 கழித்த டைரக்டில் 41.5 லட்சம். வித்தியாசம் எட்டு லட்சம், அதாவது நாம் போட்ட முதலைவிடப் பெரிய தொகை.

“12 சதவீதம் வரும்னு யார் சொன்னா?” என்று கணக்கு வாத்தியார் கேட்பார், தெரியும். யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு அந்த 12 தேவையே இல்லை. சந்தை என்ன கொடுத்தாலும் இரண்டு பக்கமும் அதையே பெருக்குகிறோம், வகுத்தால் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது இதுதான்:

(0.982 ÷ 0.9925)^20 = 0.81

சந்தை 8 கொடுத்தாலும் 15 கொடுத்தாலும், இந்த இரண்டு ரேஷியோவும் மாறாத வரை, டைரக்டில் 100 ரூபாய் இருக்கும் இடத்தில் ரெகுலரில் 81 ரூபாய்தான் இருக்கும். சந்தை இருபது வருடமும் அசையாமல் கிடந்தாலும் இதே விகிதம்தான். ஐந்து லட்சம் டைரக்டில் 4.30 ஆகத் தேய்ந்திருக்கும், ரெகுலரில் 3.48 ஆகத் தேய்ந்திருக்கும். லாபம் வந்தால்தான் எடுப்பார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஆண்டு விகிதத்தை நாளுக்கு நாள் பிரித்து, மொத்த மதிப்பின் மேல், என்.ஏ.வி. போடும் முன்பே கழித்துவிடுகிறார்கள். நமக்கு பில் எதுவும் வராது.

நெல் விற்கும்போது தரகர் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒருமுறை எடுத்துக்கொள்வார், அந்த வருட நெல்லோடு அந்தக் கணக்கு முடிந்தது. இங்கே நீங்கள் பத்து வருடம் முன் போட்ட மூட்டைக்கும், அது குட்டி போட்ட மூட்டைக்கும் சேர்த்து இந்த வருடமும் எடுக்கிறார்கள். அதனால்தான் சதவீதம் அப்படியே இருக்க, ரூபாய் ஏறிக்கொண்டே போகிறது. முதல் வருடம் ஐந்து லட்சத்துக்கு இரண்டு பிளானுக்கும் உள்ள வித்தியாசம் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய். இருபதாவது வருடம், பணம் முப்பது லட்சத்தைத் தாண்டியிருக்கும்போது, அதே 1.05 சதவீதம் முப்பதாயிரத்துக்கு மேல்.

மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுபவர்களுக்கு அடி கொஞ்சம் குறைவு, ஏனென்றால் கடைசியில் போடும் பணத்துக்கு வருடங்கள் குறைவு. மாதம் 5,000 ரூபாய் இருபது வருடம், அதே 12 சதவீதம் என்றால், ரெகுலரில் 36 லட்சம், டைரக்டில் 41.5 லட்சம் அளவில் வரும். 19 சதவீத இழப்புக்குப் பதில் 13.

ஒரு தவறு மட்டும் செய்துவிடாதீர்கள். சிலர் ஷீட்டில் உள்ள 12.8-லிருந்து 1.80-ஐ மறுபடி கழித்து, “கையில் வருவது 11தான்” என்று எழுதியிருந்தார்கள். ஷீட்டில் அச்சாகும் வருமானம் செலவு போன பிறகு உள்ளது. ஒருமுறை கழித்ததை மறுபடி கழிக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாரும் நாளைக்கே ரெகுலரை டைரக்டுக்கு மாற்றக் கிளம்புவீர்களோ என்பதுதான் என் பயம். அப்படி மாற்றுவது சட்டப்படி விற்று வாங்குவதுதான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேல் போகும் லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. சமீபத்தில் வாங்கிய யூனிட்டுக்கு எக்ஸிட் லோட் என்னும் வெளியேறும் கட்டணமும் இருக்கலாம். அதனால் பழையதை ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் என்ற அளவில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம், அல்லது அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பணத்தை மட்டும் டைரக்டில் போடலாம். இரண்டு மூன்று வருடத்தில் எடுக்கப்போகும் பணத்துக்காக வரி கட்டி மாற்றுவதில் அர்த்தமில்லை.

அப்புறம், ஏஜென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் ஏஜென்டுகளில் சிலர் வீட்டுக்கு வந்து நாமினி எழுதி வாங்குகிறார்கள், கணவர் போன பிறகு யூனிட்டை மனைவி பெயருக்கு மாற்ற அலைகிறார்கள், சந்தை விழுந்தால் விற்காமல் பிடித்து நிறுத்துகிறார்கள். 2020 மார்ச்சில் பயந்து விற்றவர் இழந்தது எந்த எக்ஸ்பென்ஸ் ரேஷியோவையும்விடப் பெரிது. அந்த உதவி தேவைப்படுபவர் அதற்குக் காசு கொடுக்கட்டும். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும். போனில் ஒருமுறை லிங்க் அனுப்பிவிட்டு அப்புறம் முகத்தையே காட்டாத ஆளுக்கு வருடா வருடம் முப்பதாயிரம் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தத் தொகையைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மார்ச், செப்டம்பரில் முடியும் அரையாண்டுக்கு வரும் CAS என்னும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், உங்கள் முதலீட்டுக்காக டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயில் போட்டிருக்கும். பெரும்பாலும் மெயிலில் வந்து திறக்காமல் கிடக்கும், பான் எண்தான் பாஸ்வேர்டாக இருக்கும்.

கூட்டத்துக்கு வரும்போது அந்த அறிக்கையை அச்செடுத்து வாருங்கள். ஃபண்ட் பரிந்துரைப்பவர்கள் வெறும் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம். ஒரே தேதியிட்ட ரெகுலர், டைரக்ட் இரண்டையும், பிளான் பெயர் தெரியும்படி, வெட்டாமல் அனுப்புங்கள். கால்குலேட்டர் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் குழுவில் கணக்கு நோட்டு வைத்திருப்பவன்